படத்தில் இருக்கும் அறிவியல் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்க மூன்று வழிகள்: எதை எடுப்பது?

கைப்பேசியில் ஒரு படம் வந்திருக்கிறது. புத்தகத்தின் ஒரு பக்கம், பொடி எழுத்து, நடுவில் மூச்சுவிட இடமில்லாத ஓர் அறிவியல் பத்தி. கீழே ஒரு வரி: மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக, முக்கியக் கருத்து எதுவும் விடுபடக் கூடாது. இந்த வேலையை நான் பலமுறை செய்திருக்கிறேன். பலமுறை சொதப்பியும் இருக்கிறேன். சொதப்பியதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி இல்லை, வழி. எந்த வழியில் சுருக்குகிறோமோ அதற்கேற்ற பிழைதான் வரும்.

நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூலத்தில் வேண்டாத சொற்களை அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே எழுதுவது ஒன்று. நன்றாகப் படித்து, படத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுவது இன்னொன்று. பத்தியில் என்னென்ன சொல்லப்பட்டிருக்கிறது, எது எதற்குக் காரணம் என்று தனியாகக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பிலிருந்து புதிதாக எழுதுவது மூன்றாவது. ஒரே பத்தியில் மூன்றையும் செய்து பார்ப்போம்.

முதலில் படத்தைச் சரிபார்க்க வேண்டும்

அச்சுப் புத்தகம் என்றால் பென்சிலை எடுத்து அடிக்கோடு போடலாம். படத்தில் அது முடியாது. பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போகும், சிறிதாக்கினால் எழுத்து தெரியாது. அதனால் பத்தியை முதலில் எழுத்தாக மாற்றிக்கொள்வது நல்லது. நாமே பார்த்து எழுதலாம், அல்லது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும் ஓசிஆர் செயலியிடம் கொடுக்கலாம்.

ஒரே ஒரு பத்தி என்றால் நான் கையால்தான் எழுதுவேன். நூறு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் வாசிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு மூன்று பக்கம் என்றால் செயலிதான், வேறு வழியில்லை. அப்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை எண்களும் குறிகளும். `4°C` என்பதில் இருக்கும் சின்ன வட்டத்தைச் செயலி பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் அது `40C` ஆகிவிடும். அடுக்குக்குறி கீழே இறங்கி, பத்தின் ஆறாம் அடுக்கு 106 ஆகும். துணைக்காலும் ரகரமும் இடம் மாறும், புள்ளி உதிரும். சொல்லில் வரும் பிழையை வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். எண்ணில் வரும் பிழையை எதுவும் காட்டிக்கொடுக்காது. 40 டிகிரி என்று படித்துவிட்டு அப்படியே சுருக்கத்தில் இறக்கிவிடுவோம்.

இன்னொன்று, படத்தின் ஓரம். ஒருமுறை கடைசி வரி வெட்டுப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு முழுச் சுருக்கத்தையும் எழுதி முடித்தேன். பத்தி முற்றுப்புள்ளியோடு முடிந்ததுபோலத்தான் தெரிந்தது. வெட்டுப்பட்ட வரியில் இருந்தது, அதுவரை சொன்னது எங்கே பொருந்தாது என்ற செய்தி. அறிவியல் பத்திகளில் விதிவிலக்கு அடிக்கடி கடைசியில்தான் வந்து உட்காரும். எனவே கடைசி வரிக்குக் கீழே வெற்றுத்தாள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அப்புறம் சொற்கணக்கு. செயலி தரும் எழுத்தில் வரிக்கடைசியில் உடைந்த சொல் இரண்டாகத்தான் எண்ணப்படும். "மூலக்கூறு" ஒரு வரியில், "கள்" அடுத்த வரியில் என்றால் ஒரு சொல் இரண்டாகிவிட்டது. குறுகிய பத்தியில் இப்படி நாலைந்து வந்தால் இலக்கே ஒன்றிரண்டு சொல் நகர்ந்துவிடும். உடைந்ததை ஒட்டிவிட்டு எண்ணுவது நல்லது. தமிழில் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் நம் கையில் இருப்பதால் ஒரு திருட்டும் நடக்கும்: மூலத்தில் "எட்டும் வரை" என்று இரண்டாக எண்ணிவிட்டு, சுருக்கத்தில் "எட்டும்வரை" என்று ஒன்றாக்குவது. மூலத்துக்கு எந்தக் கணக்கோ சுருக்கத்துக்கும் அதே கணக்குத்தான்.

எடுத்துக்கொண்ட பத்தி

> பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகுந்துகொண்டே போகும். உறையும்போது அவற்றின் திண்மம் திரவத்தில் மூழ்கும். நன்னீர் இந்த வழக்கத்துக்கு விலக்கு. அதுவும் குளிரும்போது முதலில் சுருங்குகிறது. ஆனால் ஏறத்தாழ 4°C வெப்பநிலையில் அதன் அடர்த்தி உச்சத்தை அடைந்து, அதற்குக் கீழே மீண்டும் விரியத் தொடங்குகிறது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இடைவெளி மிகுந்த அறுகோண அமைப்பை நோக்கி நகர்வதே இதற்குக் காரணம். 0°C வெப்பநிலையில் உறையும்போது பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுவதால் பனிக்கட்டி மிதக்கிறது. எனவே குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கீழே இறங்க, ஏரி முழுவதும் 4°C-ஐ எட்டும்வரை இந்தச் சுழற்சி நடக்கிறது; அதன்பின் மேலும் குளிரும் நீர் இலேசானதாகி மேலேயே தங்கி உறைகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத இந்தப் பனிப்போர்வை கீழேயுள்ள நீரின் வெப்ப இழப்பைக் குறைக்கிறது. போதிய ஆழமுள்ள ஏரிகளில் அடிநீர் உறையாமல் இருப்பதால் மீன்கள் பிழைக்கின்றன. வழக்கமான உப்புத்தன்மை கொண்ட கடல்நீரில் இவ்வுச்சம் தென்படாது; அதன் அடர்த்தி உறைநிலைவரை கூடிக்கொண்டே செல்கிறது.

எண்ணிப் பார்த்தால் 108 சொற்கள் (4°C என்பது ஒரு சொல்). மூன்றில் ஒரு பங்கு 36.

வெட்டிக் குறைத்தால்

முதல் வழியில் புதிதாக ஒரு சொல்கூட எழுத வேண்டியதில்லை. அடித்ததுபோக மிச்சம் இது:

> நன்னீர் இந்த வழக்கத்துக்கு விலக்கு. ஏறத்தாழ 4°C வெப்பநிலையில் அடர்த்தி உச்சத்தை அடைந்து, அதற்குக் கீழே விரியத் தொடங்குகிறது. உறையும்போது பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுவதால் பனிக்கட்டி மிதக்கிறது. எனவே ஏரியின் மேற்பரப்பு நீர் உறைகிறது. பனிப்போர்வை வெப்ப இழப்பைக் குறைக்கிறது. அடிநீர் உறையாமல் இருப்பதால் மீன்கள் பிழைக்கின்றன.

சரியாக 36. எண்கள் அச்சு அசலாக இருக்கின்றன, ஒரு கலைச்சொல்கூடத் திரியவில்லை. இந்த வழியின் பலம் அதுதான், அவசரத்தில் இது கைகொடுக்கும்.

ஆனால் மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் இதைக் கொடுத்தால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார். எந்த வழக்கத்துக்கு விலக்கு? வழக்கம் சொன்ன வாக்கியத்தை அடித்துவிட்டோம், சுட்டுச்சொல் மட்டும் அநாதையாக நிற்கிறது. வெட்டிச் சுருக்கியதற்கு முதல் அடையாளமே இந்த "இந்த", "அது", "இதனால்" போன்றவைதான்.

அதைவிடப் பெரிய சேதம் "எனவே"யில் இருக்கிறது. மூலத்தில் அந்த "எனவே"க்குப் பின்னால் ஒரு நீண்ட கதை வருகிறது: மேல்நீர் குளிர்ந்து இறங்குவது, ஏரி முழுவதும் 4°C ஆவது, அதற்குமேல் குளிரும் நீர் இலேசாகி மேலேயே நிற்பது. சுருக்கத்தில் கதையின் நடுப்பகுதி போய்விட்டது, "எனவே" மட்டும் தங்கிவிட்டது. இப்போது படித்தால், பனிக்கட்டி மிதப்பதால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது என்று பொருள் வருகிறது. உண்மையில், உறையத் தொடங்கும் முன்பே குளிர்ந்த நீர் மேலே நின்றுவிடுகிறது. அதற்குக் காரணம் 4°C-க்குக் கீழே நடக்கும் விரிவு. பனிக்கட்டி மிதப்பது அதற்கு அடுத்த கட்டம். ஒவ்வொரு வாக்கியமும் மூலத்திலிருந்து வந்ததுதான், ஆனால் காரணம் இடம் மாறிவிட்டது. சொல்லைத் தொடாமலே பொருளை மாற்ற முடியும் என்பதால்தான் இந்த வழியை நான் முழுதாக நம்புவதில்லை.

ஹைட்ரஜன் பிணைப்பு, கடல்நீர் இரண்டும் சுத்தமாகக் காணவில்லை. "போதிய ஆழமுள்ள" போனதால் எல்லா ஏரியிலும் மீன் பிழைக்கும் என்றாகிவிட்டது. ஆழமில்லாத ஏரி அடிவரை உறைந்துபோகலாம்.

இவ்வளவும் ஏன் விடுபட்டன? வெட்டும்போது நாம் வாக்கியம் வாக்கியமாகப் போகிறோம். மேலே இருப்பவற்றுக்குத் தாராளமாக இடம் கொடுத்துவிட்டு, கீழே வரும்போது கணக்கு முடிந்துவிடுகிறது. தவிர, மூல ஆசிரியரின் வினைமுற்றுகளையும் நாம் சுமக்கிறோம். "விரியத் தொடங்குகிறது" என்பது "விரிகிறது" ஆகலாம், ஆனால் அடிப்பவர் கை மாற்றி எழுதாது.

மூடிவைத்து எழுதினால்

இரண்டு முறை படித்துவிட்டுப் படத்தை மூடி, நினைவில் நின்றதை எழுதினால் ஏறக்குறைய இப்படி வரும்:

> தண்ணீர் மற்றத் திரவங்களைப் போல அல்ல. குளிர்ந்தால் விரியும், பனிக்கட்டி மிதப்பது அதனால்தான். குளிர்காலத்தில் ஏரி மேலே மட்டும் உறைந்து, பனி ஒரு போர்வைபோலக் கீழேயுள்ள நீரைக் காக்கிறது. அடியில் நீர் 4°C-இல் இருப்பதால் மீன்கள் சாவதில்லை. கடல் உறையாததற்குக் காரணம் அதன் உப்பு.

32 சொற்கள். மூன்றிலும் படிக்கச் சுகமானது இதுதான். தொய்வில்லை, தொங்கும் சுட்டுச்சொல் இல்லை, ஒரே ஓட்டம். மொழிநடையை மட்டும் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான்.

அறிவியல் பார்க்கிறவர் இரண்டாவது வாக்கியத்திலேயே பேனாவை எடுப்பார். குளிர்ந்தால் விரியும் என்பது தவறு. 4°C வரை நீரும் சுருங்கத்தான் செய்கிறது. நினைவு வியப்பான பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லையைக் கழற்றிவிட்டது. "நன்னீர்" என்பதும் "தண்ணீர்" ஆகிவிட்டது. அந்த ஒரு சொல்லில்தான் கடைசி வாக்கியத்துக்கான பிடி இருந்தது.

கடைசி வாக்கியம்தான் வேடிக்கை. கடல் உறையாது என்று பத்தி எங்கே சொன்னது? உறைநிலைவரை அடர்த்தி கூடும் என்றுதான் சொன்னது. கடல்நீரும் உறையும், சாதாரண உப்பளவில் சுமார் −1.8°C-இல். படிக்கும்போது மங்கலாகப் பதிந்த இடத்தை, முன்பு எங்கேயோ கேள்விப்பட்டதைக் கொண்டு மனம் அடைத்துவிட்டது. நினைவிலிருந்து எழுதும்போது விடுபடுவதைவிட இப்படி உள்ளே நுழைவதுதான் ஆபத்து. விடுபட்டதை மூலத்தோடு ஒப்பிட்டால் கண்டுபிடிக்கலாம். நுழைந்தது நம் அறிவாகவே தோன்றுவதால் கண்ணில் படாது.

தெரிந்த பாடம் என்றால் இன்னும் மோசம். தெரியாத துறையில் தயங்கித் தயங்கி எழுதுவோம், தெரிந்த துறையில் தாராளமாகக் கைச்சரக்கைச் சேர்ப்போம்.

கண்ணி கோத்து எழுதினால்

மூன்றாவது வழியில் முதலில் வாக்கியமே கிடையாது. பத்தி என்னென்ன சொல்கிறது என்பதைத் துண்டு துண்டாகக் குறித்து, எது எதிலிருந்து வருகிறது என்று அம்புக்குறி போட வேண்டும். இந்தப் பத்திக்கு என் குறிப்பு இப்படி இருந்தது:

1. பெரும்பாலான திரவங்கள் குளிரில் சுருங்கும், நன்னீர் விலக்கு
2. உச்ச அடர்த்தி ஏறத்தாழ 4°C, கீழே விரிவு
3. காரணம்: ஹைட்ரஜன் பிணைப்பு → இடைவெளி (2-க்கும் 4-க்கும்)
4. உறைந்தால் சுமார் 9 விழுக்காடு → மிதப்பு
5. ஏரி முழுவதும் 4°C ஆன பிறகே மேல்நீர் உறையும் (2-இலிருந்து)
6. பனிப்போர்வை → அடிநீர் உறையாது → மீன். எல்லை: போதிய ஆழம்
7. கடல்நீரில் இந்த உச்சம் இல்லை

ஏழு கண்ணி, 36 சொல். கண்ணிக்கு ஐந்து சொல் என்று வைத்துக்கொண்டால் யாருக்கு எவ்வளவு இடம் என்பது எழுதும் முன்பே தெரிந்துவிடுகிறது. முதல் வழியில் கடைசியில் வந்தவை பட்டினி கிடந்தது இங்கே நடக்காது. இந்தக் கணக்கில் நான் எழுதிய முதல் வரைவு:

> பெரும்பாலான திரவங்களுக்கு மாறாக, நன்னீர் ஏறத்தாழ 4°C-க்குக் கீழே, ஹைட்ரஜன் பிணைப்புகள் இடைவெளியைக் கூட்டுவதால், விரிகிறது. உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருத்து மிதக்கிறது. எனவே ஏரி முழுதும் 4°C-ஐ எட்டியபின் மேல்நீரே உறைகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத அந்தப் பனியின்கீழ், ஆழமான ஏரிகளில் அடிநீர் உறையாததால் மீன்கள் பிழைக்கின்றன. கடல்நீரோ உறையும்வரை சுருங்குகிறது.

39 வந்துவிட்டது. மூன்று சொல் கூடுதல். எங்கே கை வைப்பது?

"ஏறத்தாழ", "சுமார்" இரண்டையும் எடுத்தால் இரண்டு சொல் உடனே கிடைக்கும். அந்த ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அவை அலங்காரச் சொற்கள் இல்லை, அளவு எவ்வளவு துல்லியம் என்று சொல்பவை. "பெரும்பாலான" என்பதை "மற்ற" ஆக்கலாமா என்று பார்த்தால் அது சொல்லை மிச்சப்படுத்தாது, பொய்யும் சேர்க்கும். "எனவே"யை எடுத்தால் இரண்டாம் கண்ணிக்கும் ஐந்தாம் கண்ணிக்கும் உள்ள பிடி அறுந்துவிடும்.

பருத்திருந்தது பனி பற்றிய வாக்கியம்தான். "வெப்பத்தை எளிதில் கடத்தாத அந்தப் பனியின்கீழ்" என்று ஐந்து சொல். மூலத்திலேயே இதற்கு ஒரு சொல் கிடந்தது: பனிப்போர்வை. போர்வை என்றாலே உள்ளிருக்கும் வெப்பத்தைக் காப்பது என்பது யாருக்கும் புரியும். ஐந்து சொல் ஒன்றானது. நான்கு மிச்சம், தேவை மூன்றுதான். மீந்த ஒன்றை, "ஆழமான" என்று தோராயமாக விட்டிருந்த இடத்தில் "போதிய ஆழமுள்ள" என்று மூலத்தின் எல்லையைத் திரும்பக் கொண்டுவரச் செலவழித்தேன். மேல்வரியோடு இழை சேர "உறையாததால்" என்பதையும் "உறையாமல்" ஆக்கினேன்.

> பெரும்பாலான திரவங்களுக்கு மாறாக, நன்னீர் ஏறத்தாழ 4°C-க்குக் கீழே, ஹைட்ரஜன் பிணைப்புகள் இடைவெளியைக் கூட்டுவதால், விரிகிறது. உறையும்போது சுமார் 9 விழுக்காடு பெருத்து மிதக்கிறது. எனவே ஏரி முழுதும் 4°C-ஐ எட்டியபின் மேல்நீரே உறைகிறது. இப்பனிப்போர்வையால் போதிய ஆழமுள்ள ஏரிகளில் அடிநீர் உறையாமல் மீன்கள் பிழைக்கின்றன. கடல்நீரோ உறையும்வரை சுருங்குகிறது.

36. ஏழு கண்ணியும் இருக்கின்றன. "அடர்த்தி உச்சம்" என்ற சொல்லையே காணோமே என்று கேட்கலாம். 4°C-க்குக் கீழே விரிகிறது என்றால், பெரும்பாலான திரவங்களைப் போல அதுவரை சுருங்கி வந்தது என்பதும், அந்த இடமே உச்சம் என்பதும் உள்ளே இருக்கிறது. ஒன்றைச் சொன்னால் இன்னொன்று தானே வரும் என்றால், வரவழைப்பதை மட்டும் வைத்துக்கொண்டு வருவதை விடலாம். கடல்நீர் உறையும்வரை சுருங்கும் என்பதும் அப்படித்தான்.

விட்டவையும் உண்டு. அறுகோண அமைப்பு, 0°C, குளிர்காலம், வழக்கமான உப்புத்தன்மை, திண்மம் திரவத்தில் மூழ்குவது. இவற்றில் என்னை உறுத்துவது உப்புத்தன்மை ஒன்றுதான். உப்பு மிகக் குறைந்த கடல்பகுதி நீருக்கு இந்தக் கடைசி வாக்கியம் பொருந்தாது. இரண்டு சொல் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அங்கேதான் போட்டிருப்பேன்.

நடையில் இது இரண்டாவதற்கு ஈடாகாது. முதல் வாக்கியம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. நேரமும் அதிகம் பிடிக்கும், எனக்குக் குறிப்புக்கும் எழுத்துக்குமாக இருபத்தைந்து நிமிடம் ஆனது. வெட்டுவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எப்போது எது

காரண காரியம் பின்னிக் கிடக்கும் பத்திக்கு மூன்றாவதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஏனெனில்", "எனவே", "ஆனால்", "அன்றி" போன்றவை மூன்றுக்கு மேல் கண்ணில் பட்டால் குறிப்பெடுக்காமல் எழுத உட்காரக் கூடாது.

ஒரே கருத்தை எடுத்துக்காட்டு மேல் எடுத்துக்காட்டாக அடுக்கும் பத்தி என்றால் வெட்டுவதே போதும். அங்கே அறுபட இழை எதுவும் இல்லை. ஒரு சோதனை எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்லும் பத்திக்கும் அதுவே சரி, செய்முறையின் ஒழுங்கு கலையாமல் இருக்கும். அடித்து முடித்ததும் சுட்டுச்சொற்களையும் "எனவே"க்களையும் மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் போதும்.

மூடிவைத்து எழுதுவதைச் சுருக்கும் வழியாக நான் எடுப்பதில்லை, சோதனையாக வைத்துக்கொள்கிறேன். குறிப்பெடுக்கும் முன் படத்தை மூடிவிட்டு இரண்டு வாக்கியம் சொல்லிப் பார்ப்பேன். எங்கே தடுமாறுகிறேனோ, எங்கே "தண்ணீர்" என்று பொதுவாக நழுவுகிறேனோ, அங்கே எனக்குப் பத்தி புரியவில்லை என்று பொருள். அந்த வரிக்குத் திரும்பிப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

எந்த வழியில் எழுதினாலும் முடித்ததும் மூலத்தைத் தள்ளிவைத்துவிட்டு, சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேட்கிறேன்: எது, எந்த அளவில், எதனால், எங்கே பொருந்தாது. முதல் சுருக்கம் மூன்றாவது கேள்வியில் தப்பாகப் பதில் சொல்லும், நான்காவதில் வாயே திறக்காது. இரண்டாவது சுருக்கம் நான்கிற்கும் தயங்காமல் பதில் சொல்லும். அந்தப் பதில்களைத்தான் ஒவ்வொன்றாகப் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.